1,680-ஐ 0.7-ஆல் வகுங்கள்

“30% தள்ளுபடி போக புடவை 1,680 ரூபாய்னா, 1,680-க்கு 30% கூட்டுங்க. பழைய விலை 2,184 வந்துடும்” என்று ஒருவர் வழி சொல்லியிருக்கிறார்.

வராது. 2,184-க்கு 30% கழித்துப் பாருங்கள், 1,528.80 தான் நிற்கும். கடைக்காரர் 30% கழித்தது பழைய விலையில். நீங்கள் கூட்டுவது குறைந்த விலையின் 30%. இரண்டும் ஒரே தொகை இல்லை. கொடுத்த 1,680 என்பது பழைய விலையில் 70 பங்கு. ஒரு பங்கு 24 ரூபாய், அப்போ 100 பங்கு 2,400. கால்குலேட்டரில் 1,680 ÷ 0.7 என்று போட்டாலும் அதுவேதான். சரிபார்க்க: 2,400-இல் 720 போனால் 1,680.

கூட்டினாலும் வகுத்தாலும் “பெரிய வித்தியாசம் வராது” என்று இன்னொருவர் சொன்னது பாதி சரி. 5% தள்ளுபடியில் 950-க்கு வாங்கியிருந்தால் கூட்டல் வழியில் 997.50 வரும், உண்மை விலை 1,000. அதை விட்டுவிடலாம். 50% தள்ளுபடி என்றால்? 840-க்கு வாங்கியது 1,260 என்று காட்டும், நிஜத்தில் 1,680!

20% போக கூப்பனில் இன்னும் 10% குறைந்து 1,440 கொடுத்து, பழைய விலை என்ன என்று கேட்ட அக்காவுக்கு: அதை உடனே 30% என்று எடுக்காதீர்கள். குறைந்த விலையில்தான் அந்த 10% கழித்தார்கள் என்றால் 0.8 × 0.9 = 0.72, 1,440 ÷ 0.72 = 2,000. முதல் விலையிலேயே கழித்திருந்தால்தான் மொத்தம் 30%, அப்போ 1,440 ÷ 0.7, 2,057 சொச்சம். முழு எண்ணாக வருவதால் 2,000 என்றுதான் தோன்றுகிறது, ஆனால் பில்லைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. பில்லில் வரி தனியாகச் சேர்த்திருந்தால் முதலில் அதை நீக்கிவிட்டு வகுங்கள்.