நானூற்றுப் பன்னிரண்டு பொய் அடிக்குறிப்புகள்

ஆய்வேட்டை மின்னூலாக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும்!

திருவல்லிக்கேணியில் ஒரு டிடிபி கடையில்தான் தட்டச்சுக்குக் கொடுத்திருந்தேன். தாளில் பார்க்கக் குறையே இல்லை. அந்த வேர்ட் கோப்பை வைத்து, கோப்பு வடிவங்களை மாற்றித் தரும் pandoc என்ற நிரலுக்கு இந்தக் கட்டளையைக் கொடுத்தேன்:

```
pandoc aayvedu.docx -o aayvedu.epub --toc
```

ஃபோனில் திறந்தால் பொருளடக்கம் காலி. தலைப்பு எதற்கும் வேர்டின் Heading 1 பாணி கிடையாது, எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கியதோடு சரி. அதை ஒரு மணி நேரத்தில் திருத்திவிட்டேன். அடிக்குறிப்புதான் என்னை அழவைத்தது. ஒரு பத்தி பாதியில் நிற்கிறது, நடுவே அடிக்கோடுகளால் ஒரு வரி, "1. மேலது, ப. 45", பிறகு வாக்கியத்தின் மிச்சம். எண்ணைத் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை.

கடைக்காரத் தம்பி எண்ணைக் கையால் அடித்துச் சூப்பர்ஸ்கிரிப்ட் ஆக்கி, குறிப்பைப் பக்கத்தின் அடிக்கு எண்டர் தட்டித் தட்டியே தள்ளியிருக்கிறார். வேர்டுக்கு அது அடிக்குறிப்பே இல்லை, சும்மா ஒரு வரி. மின்னூலில் பக்கம் என்பதே நிலையில்லை, எழுத்தைப் பெரிதாக்கினால் எல்லாம் நகர்ந்துவிடும். அப்புறம் எங்கிருந்து பக்கத்தின் அடி வரும்? பக்கத்துக்குப் பக்கம் எண்ணை 1-லிருந்து தொடங்கியதால், ஓர் இயலுக்குள்ளேயே முப்பது "1".

கேட்டால், "அக்கா, பிரிண்ட்ல சரியாத்தானே இருக்கு?" என்கிறார். இருக்கிறதுதான், தம்பி!

வேர்டில் எண்ணை இரட்டைச் சொடுக்குச் செய்தால் குறிப்புக்குத் தாவ வேண்டும், தாவாவிட்டால் போலி. பணம் கொடுக்கும் முன் இதை ஒருமுறை செய்து பார்த்திருக்கலாம். யார் சொன்னார்கள் எனக்கு?

இப்போது ஒவ்வொன்றாக வெட்டி, எண் இருந்த இடத்தில் Ctrl+Alt+F அழுத்தி, திறக்கும் இடத்தில் ஒட்டுகிறேன். இப்படிச் செய்ததை pandoc இருபக்கமும் இணைப்போடு மாற்றித் தருகிறது: தொட்டால் குறிப்பு, மறுபடி தொட்டால் விட்ட வரி. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 412-க்குக் கிட்டத்தட்டப் பதினான்கு மணி நேரம் ஆகிறது.

அதற்கும் மேல் இந்த "மேலது". தாளில் கண்ணை ஒரு வரி உயர்த்தினால் எந்த நூல் என்று தெரிந்துவிடும். மின்னூலில் தொட்ட குறிப்பு மட்டும் தனியாக எழும்பி "மேலது, ப. 45" என்கிறது. எதன் மேலது? ஒவ்வொன்றிலும் ஆசிரியர் பெயரையும் நூலின் சுருக்கப் பெயரையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. "பக்கம் 112 காண்க" என்று நானே பெருமையாக எழுதிய இடங்களையும் இயல் தலைப்புக்கு இணைப்பாக மாற்றியாக வேண்டும். அது மட்டும் என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி மூன்றாம் இயல் முடிந்தது. நான்காவதில் 131 இருக்கின்றன.