மண்புழுவை எண்ணிக் கைதட்டியவர்களுக்கு

குழந்தைகள் புழு பூச்சிகளைத் தேடிப் பிடிக்க, அதிகம் பிடித்தவருக்குப் பரிசு கொடுத்த அந்தப் ‘பூச்சி வேட்டை’ பற்றி இங்கே வேண்டிய அளவு பேசியாகிவிட்டது. யார் நடத்தினார்கள், யாருக்குப் பரிசு போனது என்பதற்குள் நான் மறுபடி போகப் போவதில்லை. “உங்கள் மகளுக்குத் தோற்கப் பயம், அதனால்தான் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்” என்று என் பக்கத்தில் எழுதியவருக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் ஒதுங்கியது எண்ணிக்கையிலிருந்துதான், விளையாட்டிலிருந்து அல்ல.

அதிக உயிர்களைப் பிடிப்பவருக்கே பரிசு என்று அறிவித்துவிட்டால், கல்லைப் புரட்டும் குழந்தைக்கு அதைப் பழையபடி வைக்க நேரம் இருக்காது. கையில் அகப்பட்டது என்ன என்று பார்க்கவும் நேரம் இருக்காது. மண்புழு தன் ஈரத் தோலின் வழியாகத்தான் சுவாசிக்கிறது, தோல் காய்ந்தால் அதன் கதை முடிந்தது. அதை வெயிலில் ஒரு புட்டிக்குள் போட்டுவிட்டு, “ஏழு!” என்று கூவிக் கைதட்டியவர்கள் குழந்தைகள்கூட இல்லை, பெரியவர்கள். என் மகள் அழுதது அந்தப் புட்டியைப் பார்த்து.

“அப்படியானால் அவள் எதைத்தான் விளையாடுவாள்?” என்று கேட்பவர்களுக்கு, எங்கள் வீட்டில் நடக்கும் ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். எறும்புகள் சாரையாகப் போகும் ஓர் இடத்தைக் காலையிலோ மாலையிலோ தேடிக்கொள்கிறோம். வெயிலில் தரை சுட்டால் பெரும்பாலான எறும்புகள் வெளியே வராது. சாரையின் குறுக்கே உள்ளங்கை அளவு மெல்லிய தாள் ஒன்றைப் படிய வைத்து, நான்கு மூலைகளிலும் கூழாங்கல் வைத்து, எறும்புகள் அதன் மேல் தயங்காமல் நடக்கத் தொடங்கும்வரை காத்திருக்கிறோம். கால் மணி நேரம் கழித்தும் அவை தாளைச் சுற்றியே போனால், விளிம்பு தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அங்கே சிறிது மண் தூவினால் போதும். பிறகு, தாளின் மேல் எறும்புகள் குறைவாக இருக்கும் நேரம் பார்த்து, கற்களை எடுத்துவிட்டு, அதைக் கால் வட்டம் திருப்பி வைக்கிறோம். எறும்புகள் தாளின் மேல் விட்டுச்சென்ற வாசனைத் தடம் தாளோடு சேர்ந்து திரும்பிவிடுவதால், விளிம்புக்கு வரும் எறும்பு நின்று, உணர்கொம்புகளை இங்குமங்கும் ஆட்டித் தேடுகிறது.

இங்கேதான் விளையாட்டே தொடங்குகிறது. தாளை முதலில் கடக்கும் எறும்பை ஒரு குழந்தை கவனிக்க வேண்டும். திரும்பி வருகிறவற்றை இன்னொரு குழந்தை. எதிரெதிரே சந்திக்கும் எறும்புகள் கொம்பால் தொட்டுக்கொள்கின்றனவா என்பதை மூன்றாவது குழந்தை. ஒருவரால் மூன்றையும் பார்க்க முடியாது என்பதால், புதுத் தடம் எப்படி உருவானது என்ற கதையை மூவரும் சேர்ந்தால்தான் சொல்ல முடியும். புள்ளி இல்லை, முதலிடம் இல்லை, ஆனாலும் என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். போட்டி இல்லையென்றால் விறுவிறுப்பு இருக்காது என்கிறவர்கள் ஒருமுறை அந்த முகத்தைப் பார்க்கலாம். (எல்லா எறும்பும் இதற்கு ஒத்துவராது, தனியாக இரை தேடும் இனங்கள் சாரை போடுவதில்லை. கடிக்கும் செவ்வெறும்புகளிடம் இந்த விளையாட்டே வேண்டாம்.)

“இயற்கையே போட்டிதானே” என்று ஒருவர் தத்துவம் பேசியிருந்தார். ஒரு புற்றின் எறும்புகள் அடுத்த புற்றோடு சண்டையிடும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே புற்றுக்குள் யார் அதிகம் சுமந்தார்கள் என்று கணக்கு வைத்து எந்த எறும்புக்கும் கோப்பை கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. “நாளை உலகத்தில் எப்படிப் பிழைப்பாள்?” என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை; இத்தனை சிறிய குழந்தையைப் பார்த்து அதைக் கேட்கத் தோன்றியவர்கள் அதைத் தங்களிடமே வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் உறவிலேயே ஒரு பெரியவர் அவளை அருகில் அழைத்து, “பூச்சிக்கெல்லாம் அழுகிறவளா நீ?” என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அவள் பதில் சொல்லவில்லை, நானும் மரியாதை கருதிப் பேசாமல் இருந்துவிட்டேன். ஓர் எறும்பு வழி தவறி நின்றால், அது வழியைக் கண்டுபிடிக்கும்வரை எழுந்திருக்க மறுக்கிற குழந்தை அவள். அவளுக்குப் பொறுமை இல்லை, துணிச்சல் இல்லை என்று சொல்வதற்கு, புட்டியை நிரப்பிவிட்டு அடுத்த நிமிடமே அதை மறந்துபோன கூட்டத்துக்கு என்ன தகுதி இருக்கிறது?

அடுத்த வேட்டைக்கும் அழைப்பு வந்திருக்கிறது. நாங்கள் வரவில்லை. ‘பயம்’ என்று எழுதியவர் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். மனமில்லையென்றால் போகட்டும், என் பக்கத்தில் வந்து மறுபடி எழுதாமல் இருந்தால் போதும்.