எல்லா ரிப்போர்ட்டும் சரி, ஆனால் குழந்தை இல்லை

“திருமணமாகி மூன்று வருடம். இருவருக்கும் எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. உறவின்போது வலி தாங்க முடியவில்லை, பாதியில் நின்றுவிடுகிறது. இதனால் கரு தங்காமல் போகுமா?”

போகும், தங்கையே. விந்து உள்ளே சேராவிட்டால் கரு உருவாகும் வாய்ப்பு மிகக் குறைவு. தண்டையார்பேட்டையில் வசிக்கும் எனக்கும் இதுதான் நடந்தது. இரண்டு வருடம் கருமுட்டை மாத்திரை சாப்பிட்டேன். “உறவு முழுமையாக நடக்கிறதா?” என்று ஒருவரும் கேட்கவில்லை; நானும் வெட்கத்தில் சொல்லவில்லை. உள்வழி ஸ்கேன் கருவியைக் கண்டதும் என் தொடைகள் இறுகியதைக் கவனித்த ஒரு பெண் மருத்துவர்தான் கண்டுபிடித்தார்.

அதன் பெயர் வெஜினிஸ்மஸ். வலிக்குமோ என்ற பயத்தில் பிறப்புறுப்பைச் சுற்றிய தசைகள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன. அது பிடிவாதம் அல்ல; வீட்டில் குறை சொல்பவர்களிடமும் இதைச் சொல்லலாம்.

முதலில் உறவு முயற்சியை முழுவதுமாக நிறுத்தச் சொன்னார் அந்த மருத்துவர். மூச்சை வெளியே விடும்போது தசையைத் தளர்த்தப் பிசியோதெரபிஸ்ட் பழக்கினார். பிறகு டைலேட்டர் என்ற, பிறப்புறுப்புக்குள் மெல்ல நுழைத்துப் பழகும் கருவி; முதலில் சுண்டுவிரல் பருமன், ஜெல் தடவி, தினமும் பத்து நிமிடம். வலியில்லாமல் பழகிய பிறகே அடுத்த அளவு. அவசரப்பட்டு ஒரு அளவைத் தாண்டினேன், பயம் திரும்பிவிட்டது. கடைசி அளவுக்கு நான்கு மாதம் ஆனது. கருத்தரிக்க முயலும்போது ஜெல்லை மருத்துவரிடம் கேட்டே வாங்குங்கள். சில வகைகள் விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும்.

வலி அடிவயிற்றின் ஆழத்தில் இருந்தாலோ, எரிச்சலும் வெள்ளைப்படுதலும் இருந்தாலோ காரணம், கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸாகவோ, தொற்றாகவோ இருக்கலாம். அதற்கு டைலேட்டர் மட்டும் போதாது.