வென்படத்தில் 'மட்டும்' என்ற சொல் செய்கிற வேலை

கணங்கள் பாடத்தில் n(A∪B) = n(A) + n(B) − n(A∩B) என்பதை முதல் நாளே மனப்பாடம் செய்ய வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் படத்தை நிரப்பப் பழகட்டும். எதற்காகக் கழிக்கிறோம் என்பது அப்போதுதான் பிடிபடும்.

ஒரு பயிற்சித்தாள் கணக்கு. வகுப்பில் 40 பேர். கிரிக்கெட் ஆடுபவர்கள் 24, கபடி ஆடுபவர்கள் 19, இரண்டும் ஆடுபவர்கள் 8. எதுவும் ஆடாதவர்கள் எத்தனை பேர்?

பல பிள்ளைகள் கணக்கில் எண்கள் வரும் வரிசையிலேயே 24ஐ இடப்பக்கமும் 19ஐ வலப்பக்கமும் 8ஐ நடுவிலும் எழுதிவிடுகிறார்கள். கூட்டினால் 51. நாற்பது பேர் வகுப்பில் அது நடக்காது என்பதால் தவறு உடனே தெரிந்துவிடும். வகுப்பில் 60 பேர் என்று இருந்தால்தான் சிக்கல். 60 − 51 = 9 என்று ஒரு விடை வரும், பார்க்கச் சரியாகவே தோன்றும். உண்மையான விடை 25.

'கிரிக்கெட் ஆடுபவர்கள் 24' என்பது முழு வட்டத்துக்கான எண். கபடியும் சேர்த்து ஆடும் 8 பேர் அதற்குள்ளேயே இருக்கிறார்கள். 'கிரிக்கெட் மட்டும்' என்று சொல்லியிருந்தால்தான் அந்த எண்ணை ஓரப் பகுதியில் எழுதலாம். அதனால் எப்போதும் நடுவிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் 8. பிறகு கிரிக்கெட் மட்டும் 24 − 8 = 16, கபடி மட்டும் 19 − 8 = 11. வட்டங்களுக்குள் மொத்தம் 16 + 8 + 11 = 35, வெளியே 5. முடித்ததும் ஒவ்வொரு வட்டத்தையும் தனியாகக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 16 + 8 கணக்கில் கொடுத்த 24ஐத் தர வேண்டும். அறுபது பேர் கணக்கில் ஒளிந்துகொள்ளும் தவறும் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் அங்கே 24 + 8 = 32 என்று வந்து நிற்கும்.

நடு எண்ணையே கேட்டால் அதை x என்று வைத்து அதே வரிசையில் போகலாம். எதுவும் ஆடாதவர்கள் 5 என்று கொடுத்திருந்தால் (24 − x) + x + (19 − x) + 5 = 40. அதாவது 48 − x = 40, x = 8.

பயிற்சித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 40, 24, 19 ஆகிய மூன்றை மட்டும் கொடுத்து 'இரண்டும் ஆடுபவர்கள் எத்தனை பேர்?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. கபடி ஆடும் 19 பேருமே கிரிக்கெட்டும் ஆடலாம், அப்போது விடை 19, வெளியே 16 பேர். ஒருவர்கூட வெளியே இல்லையென்றால் 24 + 19 − 40 = 3. இடையில் உள்ள எந்த எண்ணும் பொருந்தும். விடைக்குறிப்பில் 3 என்று போட நினைத்தால், 'ஒவ்வொருவரும் ஒரு விளையாட்டாவது ஆடுகிறார்' என்ற வரியைக் கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். அந்த வரி இல்லாத தாளில் 8 என்று எழுதிய பிள்ளைக்குத் தவறு போட நமக்கு உரிமை இல்லை.