மெரூன் உதட்டில் பேபி பிங்க் வராது

"போட்டோ எடிட்டிங்ல Soft Light லேயர்ல எந்த லிப்ஸ்டிக் கலரைப் பூசினாலும் உதட்டுல அதே ஷேடு வந்துடும்."

வராதுங்க. அந்த மோட் அடியில இருக்கிற நிறத்தைக் கொஞ்சம் வெளுக்கவோ கருக்கவோ மட்டும்தான் செய்யும். வேலூர்ல முகூர்த்தப் போட்டோன்னா பொண்ணு உதட்டுல பெரும்பாலும் அடர் மெரூன். அதுல பச்சை சேனல் 255-க்கு 30னு வைங்க. பச்சை 150 இருக்கிற பிங்க்கைப் பூசினா கிடைக்கிறது சுமார் 40. அதாவது இன்னும் மெரூன்தான்.

கமென்ட்ல காட்பாடி அண்ணன் Opacity-ஐ ஏத்தச் சொன்னது வெளிர் உதட்டுக்குச் சரி. இங்க 100 வெச்சும் மேல சொன்ன கணக்குதான்.

முதல்ல உதட்டுக்கு மாஸ்க் போட்டு, Curves-ல நடுப்பகுதியை மேல தூக்குங்க. அதே மாஸ்க்கோட Color மோட்ல பிங்க். கடைசியாத்தான் Soft Light. மாஸ்க் ஓரம் ஒண்ணு ரெண்டு பிக்சல் மென்மையா இருக்கட்டும். மாஸ்க்ல பல்லு இருக்கிற இடத்துல கருப்பு பிரஷ் ஓட்டுங்க, இல்லன்னா பல்லும் வெத்தல போட்ட மாதிரி சிவக்கும். ரொம்பத் தூக்கினா உதட்டு வரி சாம்பலா, புள்ளிபுள்ளியா தெரியும். அங்கேயே நிறுத்திடுங்க.

ஆற்காடு அக்கா, நீங்க கேட்டது ஐஷேடோ. இமையில அடர் பிரவுனுக்கு Soft Light மட்டுமே போதும். தங்க மினுமினுப்பு இதுல எனக்கும் சரியா வரல. யாராவது செஞ்சிருந்தா சொல்லுங்க.