கார்டில் இல்லாத ஆறு நாட்கள்

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் போர்டிங் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று போன வாரம் ஒரு கடிதத்தோடு வந்தாள். வெள்ளவத்தையில் மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கினாலே எங்கள் ஒழுங்கையில் யாராவது ஒருவர் டெங்கோடு படுப்பார். இந்த முறை அவள். ஆறு நாள் அரசாங்க வைத்தியசாலையில் கிடந்துவிட்டு வந்திருக்கிறாள். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது.

“அன்ரி, துறைத் தலைவருக்குக் குடுக்கப்போறன். இப்படி எழுதினாக் காணுமா?”

வாசித்தேன். “கடும் காய்ச்சலால் பாதிக்கப்பட்டு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தேன். எனது குடும்பத்தின் கஷ்டத்தையும் எதிர்காலத்தையும் கருத்திற்கொண்டு, பெரிய மனது வைத்து எனது வரவுக் குறைவை மன்னிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.” ஒரு பக்கம் முழுக்க இதே மாதிரி. எத்தனையாம் திகதி அனுமதிக்கப்பட்டாள், எந்தப் பாடத்தில் எத்தனை வகுப்புத் தவறியது, இதில் ஒன்றுமே இல்லை.

நான் பதினொரு வருடம் ஒரு கல்வி நிறுவனத்தில் துறை அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவள். இப்படியான கடிதங்கள் துறைத் தலைவரின் மேசைக்குப் போகுமுன் என் மேசைக்குத்தான் வரும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்தக் கடிதத்தால் அவளுக்கு ஒரு நன்மையும் கிடைத்திருக்காது. துறைத் தலைவர் கல்நெஞ்சக்காரர் என்று இதற்கு அர்த்தமில்லை. நான் வேலை செய்த இடத்தில் அவர் தனியாக முடிவெடுக்க முடியாது. அவர் சிபாரிசு செய்ய வேண்டும், அது பீடச் சபைக்குப் போக வேண்டும். அங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் இந்தப் பிள்ளையைக் கண்டதே இல்லை. “ஏன் சிபாரிசு செய்தீர்கள்?” என்று கேட்டால் அவர் கையில் என்ன இருக்கும்? கடிதமும் அதோடு இணைத்த தாள்களும்தான். குடும்பக் கஷ்டம் அந்தத் தாள்களில் ஒரு வரியாகக்கூட ஏறாது.

சரி, கார்டை எடுத்து வா என்றேன். அரச வைத்தியசாலையில் துண்டு வெட்டும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட். பெரும்பாலான பிள்ளைகள் இந்த ஒரு கார்ட் எல்லாவற்றையும் நிரூபித்துவிடும் என்று நம்புகிறார்கள். அவள் கார்டில் இருந்தது இரண்டு திகதிகள்: அனுமதி ஜூன் 17 செவ்வாய், வெளியேற்றம் ஜூன் 22 ஞாயிறு. அவ்வளவுதான்.

ஆனால் அவள் கம்பஸ் போகாதது ஜூன் 16 திங்கள் முதல் 27 வெள்ளி வரை, பத்து வேலை நாட்கள். காய்ச்சல் தொடங்கியது 14 சனிக்கிழமை. மூன்றாம் நாளான திங்கட்கிழமை இரத்தம் சோதித்தாள். மறுநாள் பிளேட்லெட் இறங்க, வார்டில் போட்டார்கள். டெங்கில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம், ஆகவே காய்ச்சல் குறைந்த பிறகும் வைத்துப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கிழமை படியேற முடியவில்லை. டெங்கு வந்து போனவர்களுக்கு இந்தக் களைப்புத் தெரியும். இதில் கார்ட் சாட்சி சொல்வது எத்தனை வேலை நாட்களுக்கு? 17, 18, 19, 20. நான்கே நான்கு. மீதி ஆறு நாட்களும், அதாவது அனுமதிக்கு முந்தின திங்களும், வெளியே வந்த பிறகு அந்த முழுக் கிழமையும், தாளில் இல்லை. அந்த நாட்களில் அவள் நோயாளியாக இருந்தாள் என்பதற்கு அவளுடைய வாய்ச்சொல் மட்டும்தான்.

நான் பார்த்த நிராகரிப்புகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியால்தான் வந்தது. நோய் பொய் என்று யாரும் சொல்லவில்லை. தவறிய நாட்களுக்கும் தாளில் இருந்த நாட்களுக்கும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆறு நாள் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அவளுடைய ஒரு பாடத்தை மட்டும் சொல்கிறேன். வாரத்துக்கு இரண்டு விரிவுரை, திங்களும் வியாழனும். 15 வாரத்துக்கு 30. பரீட்சை எழுத 80 வீத வரவு வேண்டும் என்பது அவர்களுடைய கையேட்டில் உள்ள விதி, ஆகவே 24 விரிவுரைக்குப் போயிருக்க வேண்டும். நோய்க்கு முன்னமே மூன்று தவறியிருந்தாள். ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்புகையில் பஸ் பிந்தியது, மற்ற இரண்டும் சும்மா. நோயில் நான்கு: ஜூன் 16, 19, 23, 26. மொத்தம் ஏழு. எட்டு வாரம் முடிந்திருந்தது. மிச்சம் உள்ள 14 விரிவுரைக்கும் ஒன்றுகூட விடாமல் போனாலும் 23தான் வரும். 76.7 வீதம்.

இப்போது கார்டை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அந்த நான்கு வகுப்பில் கார்டின் திகதிகளுக்குள் விழுவது ஜூன் 19 மட்டும். அந்த ஒன்றை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதில் இரண்டு வழக்கம் உண்டு. சில இடத்தில் விலக்களித்த வகுப்பை வந்ததாகவே போடுவார்கள்: 30க்கு 24, சரியாக 80 வீதம், மயிரிழையில் தப்பிவிடுவாள். சில இடத்தில் அந்த வகுப்பை மொத்தத்திலிருந்தே கழித்துவிடுவார்கள்: 29க்கு 23, அது 79.3 வீதம். பரீட்சை இல்லை! அதே பிள்ளை, அதே காய்ச்சல், அதே கார்ட். நான்கு வகுப்புக்கும் தாள் இருந்தால் முதல் வழியில் 90 வீதம், இரண்டாவது வழியில் 26க்கு 23, கிட்டத்தட்ட 88.5 வீதம். எந்த வழியில் கூட்டினாலும் பிரச்சினை இல்லை.

ஆகவே முதல் வேலை, கடிதத்தைத் திருத்துவதற்கு முன், அந்த ஆறு நாட்களுக்குத் தாள் தேடுவது. திங்கட்கிழமைக்கு இரத்தப் பரிசோதனை அறிக்கை இருந்தது, அன்றைய திகதியும் பெயரும் அதில் உண்டு. குப்பைக்குள் போட இருந்தவளைத் தடுத்தேன். பிந்தின கிழமைக்கு ஒன்றும் இல்லை. வார்டில் வைத்தியர் “ஒரு கிழமை ரெஸ்ட் எடுங்கோ” என்று வாயால் சொல்லியிருக்கிறார், இவளும் எழுதித் தரக் கேட்கவில்லை. துண்டு வெட்டும் நேரத்தில் அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். நல்லகாலம், கார்டில் கிளினிக் திகதி ஒன்று போட்டிருந்தார்கள். அன்று போய்க் கேட்டாள். வைத்தியர் பழைய பதிவைப் பார்த்துவிட்டு, ஜூன் 29 வரை ஓய்வு என்று எழுதி, ஒப்பம் வைத்து முத்திரை குத்தித் தந்தார்.

இந்த இடத்தில் பலர் வேறு வழி பார்க்கிறார்கள். தெரிந்த தனியார் டொக்டரிடம் போய் இரண்டு கிழமைக்கு ஒரு மெடிக்கல் வாங்கி வைத்துவிடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். கார்டில் டெங்கு என்றும் மெடிக்கலில் வைரஸ் காய்ச்சல் என்றும் இருக்கும். வார்டில் படுத்திருந்த நாளிலேயே அந்த டொக்டர் உங்களைத் தன் டிஸ்பென்சரியில் பார்த்ததாகத் திகதி இருக்கும். நாங்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். அப்படி ஒரு தாள் சேர்ந்தால் உண்மையான கார்ட் மீதும் சந்தேகம் விழும்.

அப்புறம்தான் கடிதம். நானும் அவளும் உட்கார்ந்து எழுதியது இது. பெயர், பதிவிலக்கம் மட்டும் எடுத்துவிட்டேன்.

“மதிப்பிற்குரிய ஐயா,

நோய் காரணமான வரவுக் குறைவுக்கு விலக்களிக்கும்படி வேண்டுதல்

நான் இரண்டாம் வருட மாணவி. டெங்குக் காய்ச்சல் காரணமாக ஜூன் 16 முதல் 27 வரை வகுப்புகளுக்குச் சமுகமளிக்க முடியவில்லை. ஜூன் 17 முதல் 22 வரை வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றேன். ஜூன் 29 வரை ஓய்வெடுக்கும்படி வைத்தியர் எழுத்தில் பணித்துள்ளார். ஜூன் 30 முதல் வகுப்புகளுக்கு வருகிறேன்.

இக்காலத்தில் திங்கள், வியாழன் நடைபெறும் பாடத்தில் நான்கு விரிவுரைகளும் (ஜூன் 16, 19, 23, 26), புதன்கிழமைப் பிரக்டிகலில் இரண்டும் (ஜூன் 18, 25) தவறின. மேற்படி பாடத்தில் நோய்க்கு முன்னரும் மூன்று விரிவுரைகளுக்கு வரவில்லை. அவற்றுக்கு விலக்குக் கோரவில்லை. மீதி 14 விரிவுரைகளுக்கும் வந்தாலும் எனது வரவு 30இல் 23 ஆகவே அமையும். எனவே நோயினால் தவறிய நான்கு விரிவுரைகளுக்கு விலக்களிக்கச் சிபாரிசு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறிய இரண்டு பிரக்டிகல்களையும் வேறொரு நாளில் செய்ய அனுமதி வேண்டுகிறேன்.

இணைப்பு: டயக்னோசிஸ் கார்ட் பிரதி, ஜூன் 16 இரத்தப் பரிசோதனை அறிக்கைப் பிரதி, ஓய்வுக்கான வைத்தியரின் குறிப்பு.”

அந்த மூன்று விரிவுரை விஷயத்தை எழுதவேண்டாம் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். “அதை ஏன் அன்ரி நாங்களே காட்டிக்குடுக்கிறம்?” வரவுப் பதிவில் அது ஏற்கெனவே இருக்கிறது, பிள்ளை. அவர்கள் எண்ணிப் பார்க்கும்போது நான்குக்குப் பதில் ஏழு வந்தால், மூன்றை மறைத்தாய் என்றுதான் நினைப்பார்கள். நீயே சொல்லிவிட்டால் எண்ணிக்கை பொருந்தும். எண்ணிக்கை பொருந்திய கடிதத்தை நான் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை.

பிரக்டிகலைத் தனியாகக் கேட்டதற்கும் காரணம் உண்டு. விலக்களித்தால் வரவு வீதம் சரியாகும், செய்யாத பரிசோதனைக்குப் புள்ளி வராது. இதை எத்தனையோ பிள்ளைகள் முடிவு வந்த பிறகுதான் அறிந்து என் மேசைக்கு முன்னால் நின்று அழுதிருக்கிறார்கள்.

கார்டின் மூலப்பிரதியை அலுவலகத்தில் விட்டுவிடாதே, காட்டிவிட்டுப் பிரதியைக் கொடு என்றும் சொல்லி அனுப்பினேன். அடுத்த கிளினிக்குக்கு அது வேண்டும். கடிதத்தின் இரண்டாவது பிரதியில் கிடைத்த திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். கையேட்டில் இத்தனை நாளுக்குள் மெடிக்கல் கொடுக்க வேண்டும் என்று ஒரு கெடு இருக்கும். “பிந்திக் கொடுத்தாய்” என்று பிறகு யாராவது சொன்னால் அந்த முத்திரைதான் பேசும்.

துறைகளில் இருப்பவர்களிடமும் எனக்கு ஒன்று கேட்க இருக்கிறது, என் பழைய அலுவலகம் உட்பட. இந்த விவரங்களை எல்லாம் கேட்டு ஒரு பக்கப் படிவம் செய்து அறிவித்தல் பலகையில் போட எவ்வளவு நேரமாகும்? தவறிய நாட்கள், பாடம், ஒவ்வொரு நாளுக்கும் உரிய தாள், விலக்களித்த வகுப்பைக் கூட்டுவதா கழிப்பதா. நான் அங்கே இருந்தபோது இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன், நடக்கவில்லை. பிள்ளைகளுக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று தெரியாததால்தான் காலில் விழுகிறார்கள். காய்ச்சல் வந்ததற்காக இருபத்தொரு வயதுப் பிள்ளை ஒருத்தி “மன்னிக்கவும்” என்று எழுதுவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனம் பொறுக்கவில்லை.

கடிதத்தை வாங்கி முத்திரை குத்தியிருக்கிறார்கள். துறைத் தலைவர் சிபாரிசு எழுதிவிட்டாராம், இனிப் பீடச் சபை. பிரக்டிகலுக்குத் திகதி அன்றே கொடுத்துவிட்டார்கள். நேற்று மாலை ஒன்றைச் செய்து முடித்துவிட்டு, படியில் மூச்சு வாங்க வாங்க ஏறி வந்து சொன்னாள். மற்றது வருகிற புதன்.