சம்பளத்தைப் போடாத வேலை விளம்பரம் நல்ல செட்டரைக் கூட்டி வராது

கோவையில் பட்டறை நடத்துகிற நண்பர்கள் யாரைப் பார்த்தாலும் ஒரே புலம்பல்தான். "ஆளே கிடைக்க மாட்டேங்குதுங்க." சரி என்று அவர்களுடைய வெப்சைட்டில் கேரியர்ஸ் பக்கத்தைத் திறந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 'வேகமாக வளர்ந்துவரும் முன்னணி நிறுவனத்துக்குத் திறமையும் ஆர்வமும் உள்ள விஎம்சி செட்டர் தேவை. தகுதிக்கேற்ற சம்பளம்.' அவ்வளவுதான். கம்பெனி பெயரை எடுத்துவிட்டுப் பக்கத்துக் கம்பெனி பெயரைப் போட்டால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்காது.

நல்ல செட்டர் யாரும் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. எங்கேயோ ஒரு மெஷினில் நின்றுகொண்டுதான் இருக்கிறார். தெரிந்த இடத்தை விட்டுவிட்டு உங்களிடம் வர வேண்டும் என்றால் வீட்டில் கேட்கிற கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். கையில் எவ்வளவு வரும், நைட் ஷிஃப்ட் உண்டா, ஞாயிறு லீவா, உடம்புக்கு ஒன்று என்றால் யார் பார்ப்பது? உங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் பதில் இல்லையென்றால் அவர் போனே செய்ய மாட்டார். இருக்கிற இடத்தில் இருந்துவிடுவார்.

கணபதி பக்கம் ஒரு ஜாப் ஒர்க் பட்டறை. நான்கு விஎம்சி, இருபது பேருக்குக் கொஞ்சம் மேல் ஆட்கள். பம்ப், வால்வு பாகங்கள்தான் வேலை. அந்த முதலாளியோடு உட்கார்ந்து பக்கத்தை எழுதியபோது சம்பளத்துக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. புது செட்டருக்கு 26,000 தர அவர் தயார். ஆனால் பக்கத்தில் போட மாட்டேன் என்றார். ஏன் என்று துருவினால், ஏற்கெனவே இருக்கிற செட்டருக்கு 23,500தான். "போட்டா நாளைக்கே வந்து கேப்பானுங்க."

பெரும்பாலான சின்ன கம்பெனிகளில் 'தகுதிக்கேற்ற சம்பளம்' என்பதற்குப் பின்னால் இருக்கிற கதை இதுதான். போடாவிட்டால் மட்டும் தெரியாமலா போகும்? புது ஆள் சேர்ந்த முதல் வாரத்திலேயே டீக்கடையில் தெரிந்துவிடும். பழைய ஆள் கேட்காமலே போய்விடுவார். அப்போது ஒரு செட்டருக்குப் பதில் இரண்டு செட்டர் தேட வேண்டும். முதலில் பழையவருக்கு ஏற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு எழுதலாம் என்றேன். ஒரு வாரம் யோசித்தார், ஏற்றிக் கொடுத்தார். பக்கத்தை நான் எத்தனை நன்றாக எழுதினாலும் அந்த ஒரு முடிவுக்கு ஈடாகாது.

சம்பளத்தை எழுதும்போது 26,000 என்று மட்டும் போட்டு நிறுத்தக் கூடாது. அங்கே பிஎஃப் 15,000 வரம்பில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள், அதாவது 1,800. மீதி 24,200 கைக்கு வரும். தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தனியாகப் போகும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. மாதச் சம்பளம் 21,000ஐத் தாண்டினால் இஎஸ்ஐ கிடையாது. 20,000 வாங்கிக்கொண்டு இஎஸ்ஐயில் இருக்கிறவர் உங்களிடம் வந்தால் சம்பளம் ஏறும், வைத்தியம் போய்விடும். அவரை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் அதில்தான் வைத்தியம் நடந்துகொண்டிருக்கலாம். அந்தப் பட்டறையில் 2 லட்சத்துக்கு குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தார்கள். மனைவி, பிள்ளைகளுக்கு உண்டு, பெற்றோருக்கு இல்லை. 'பெற்றோருக்கு இல்லை' என்பதையும் அப்படியே எழுத வைத்தேன். சேர்ந்த பிறகு ஆஸ்பத்திரியில் வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது?

அடுத்தது வேலை. பெரிய ஃபேக்டரியோடு கேன்டீனிலும் பஸ்ஸிலும் போட்டி போடவே முடியாது, அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். ஆனால் அங்கே பலருக்கு வருடக்கணக்கில் ஒரே பாகம், ஒரே ஃபிக்சர். ஏற்று, பட்டனை அழுத்து, இறக்கு. ஜாப் ஒர்க் பட்டறையில் இந்த வாரம் வால்வு பாடி, அடுத்த வாரம் இம்பெல்லர். ட்ராயிங்கைப் பார்த்து, வேலையைக் கட்டி, G54 எடுத்து, டூல் ஆஃப்செட் போட்டு, முதல் பீஸை அளந்து ஓகே வாங்குகிற வரைக்கும் ஒரே ஆள். கற்றுக்கொள்ள நினைக்கிறவருக்கு இதுதான் கவர்ச்சி. 'வளர்ச்சிக்கு வாய்ப்பு' என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். 'இப்போது எங்களுக்கு ப்ரோகிராம் போடுகிறவர் ஆபரேட்டராகச் சேர்ந்தவர்' என்பது அந்தப் பட்டறையில் உண்மை. அதை எழுதினோம். உங்களிடம் அப்படி ஒருவர் இல்லையென்றால் அந்த வரியை எழுதாதீர்கள்.

கஷ்டத்தையும் எழுதியாக வேண்டும். மூன்று வாரத்தில் ஒரு வாரம் நைட். ஏசி கிடையாது, சித்திரை வைகாசியில் உள்ளே வேகும். 'குடும்பம் போன்ற சூழல்' என்ற வரியை நானே அடித்தேன். அதைப் படிக்கிற தொழிலாளிக்கு, ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் கூலி கேட்காமல் வர வேண்டும் என்றுதான் கேட்கும். அதற்குப் பதில் 'ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம், அந்த மாதமே கணக்கில் சேரும்' என்று போட்டோம்.

இத்தனையும் இருக்கிற பக்கத்துக்கு ஆளைக் கூட்டி வருவது வாட்ஸ்அப்பில் சுற்றுகிற நாலு வரிதான். அதைத் தனியாக எழுத வேண்டும். நாங்கள் எழுதியது இது:

"கணபதியில் 4 விஎம்சி உள்ள ஜாப் ஒர்க் பட்டறை. பம்ப், வால்வு பாகங்கள், 50, 100 என்று சின்ன பேட்ச். செட்டிங் முழுக்க உங்கள் கையில், ப்ரோகிராமும் பழகலாம். 3 வருட அனுபவம் போதும், ஃபானுக் தெரிந்திருக்க வேண்டும். சம்பளம் 26,000, கையில் 24,200. மூன்று வாரத்தில் ஒரு வாரம் நைட். மாலை 5 முதல் 7 வரை முதலாளியிடமே பேசலாம்."

'முன்னணி' இல்லை, 'தரம்' இல்லை. எங்கே, என்ன வேலை, எவ்வளவு, என்ன சிரமம், யாரிடம் பேசுவது என்பது மட்டும் இருக்கிறது. போன் ஸ்கிரீனில் தள்ளாமல் படித்து முடிக்கிற அளவு.

விண்ணப்பிக்கும் வழியிலும் கவனம் வேண்டும். செட்டர் பலரிடம் ரெஸ்யூமே இருக்காது. ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும் என்று சொல்லுங்கள்: எந்த மெஷின், எந்த கன்ட்ரோல், எத்தனை வருடம். செய்த வேலையின் போட்டோ மட்டும் கேட்காதீர்கள். அது இன்னொரு கம்பெனியின் கஸ்டமர் பாகம். உங்களுக்காக அதைப் படமெடுத்து அனுப்புகிறவர் நாளைக்கு உங்கள் ட்ராயிங்கையும் அனுப்புவார்.

பக்கம் வேலை செய்கிறதா என்பது வருகிற போன்களின் எண்ணிக்கையில் தெரியாது. முதல் கேள்வியைக் கேளுங்கள். "சம்பளம் எவ்வளவுங்க?" என்று ஆரம்பித்தால் அவர் படிக்கவில்லை, அல்லது நீங்கள் தெளிவாக எழுதவில்லை. "ஃபிக்சர் நீங்களே பண்ணுவீங்களா, வெளியே குடுப்பீங்களா?" என்று கேட்டால் சரியான ஆள் படித்திருக்கிறார். அந்தப் பட்டறைக்கு வந்த போன் குறைந்தது உண்மை. முதலாளி முதலில் பயந்தார். ஆனால் வந்து பார்த்தவர்களில் சம்பளம் கேட்டுத் திரும்பிப் போனவர் யாரும் இல்லை. நைட் ஒத்துவராது என்றவர்கள் போனிலேயே சொல்லிவிட்டார்கள், இரண்டு பக்கமும் ஒரு நாள் கூலி மிச்சம்.

ஆள் சேர்ந்ததும் அன்றைக்கே விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். நாலு வரியின் கடைசியில் தேதியும் போடுங்கள், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் அது ஆறு மாதம் கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கும்.